பரிசலோடு ஒட்டிச் செல்லும் அம்புக்குறி: டிராக்கர் எதைப் பிடிக்கிறது, எங்கே தவறவிடுகிறது

கேள்வி: அண்ணா, ஒகேனக்கல்லில் கரையில் நின்று கைபேசியில் எடுத்த வீடியோ. பல பரிசல்களுக்கு நடுவே எங்கள் பெரியப்பா ஓட்டும் பரிசலுக்கு மேல் ஓர் அம்புக்குறியும் "பெரியப்பாவின் பரிசல்" என்ற எழுத்தும் வர வேண்டும். கையால் நகர்த்தி வைத்தால் நடுங்குகிறது. டிராக்கர் போட்டால் பாதியில் வேறு பரிசலுக்குத் தாவிவிடுகிறது, பாறைக்குப் பின்னால் போனால் தொலைந்துவிடுகிறது. இலவச மென்பொருளில் இதை எப்படிச் சரியாகச் செய்வது?

பதில்:

இதற்கு DaVinci Resolve மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். அதில் உள்ள Fusion பக்கத்தில் Tracker என்ற கருவி இருக்கிறது, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைவிட அந்தக் கருவி எதைப் பார்க்கிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால், நீங்கள் சொன்ன மூன்று சிக்கல்களும் எதனால் வருகின்றன என்பது தானாகவே விளங்கிவிடும்.

டிராக்கருக்குப் பரிசல் என்ற ஒரு பொருள் இருப்பதே தெரியாது. நீங்கள் ஒரு ஃபிரேமில் ஒரு சிறிய கட்டம் போட்டுக் காட்டுகிறீர்கள். அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் வெளிச்சமும் நிறமும் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை அது ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்கிறது. அடுத்த ஃபிரேமில், அந்த இடத்தைச் சுற்றியுள்ள சற்றுப் பெரிய தேடல் கட்டத்துக்குள், அந்த மாதிரியோடு மிகவும் ஒத்துப்போகும் இடம் எது என்று தேடி அங்கே ஒரு புள்ளியை வைக்கிறது. இதையே ஒவ்வொரு ஃபிரேமிலும் செய்கிறது. எவ்வளவு குறைவாக ஒத்திருந்தாலும், இருப்பதில் மேலானது எதுவோ அதை அது எடுத்துக்கொள்ளும். அதனால்தான் உங்கள் பரிசல் பாறைக்குப் பின்னால் மறைந்ததும் பாறையின் விளிம்பையோ பக்கத்துப் பரிசலையோ பிடித்துக்கொண்டு போகிறது.

ஆகவே எந்தப் பகுதியைப் பிடிக்கச் சொல்கிறோம் என்பதுதான் இந்த வேலையின் பாதி. பரிசலில் இது சாதாரணக் காரையோ பேருந்தையோ பின்தொடர்வதைவிடக் கடினம், ஏனென்றால் பரிசல் முன்னேறும்போதே தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. பெரும்பாலோர் முதலில் பளிச்சென்று தெரியும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு அங்கியையோ துடுப்புப் போடுபவரின் தலையையோ பிடிப்பார்கள். பரிசல் அரைச் சுற்றுச் சுற்றியதும் அந்த அங்கி மறுபக்கம் போய் மற்றவர்களின் அங்கிகளுக்குப் பின்னால் மறைந்துவிடும். அப்படி மறையாவிட்டாலும் இன்னொரு சிக்கல் வரும். திரையில் பரிசல் 90 பிக்சல் அகலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துடுப்புப் போடுபவர் விளிம்பில் உட்கார்ந்திருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் அவருடைய தலை நடுவிலிருந்து இடப்பக்கம் ஏறத்தாழ 45 பிக்சல், வலப்பக்கம் 45 பிக்சல் என்று ஆடும். டிராக்கர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, ஆனால் அம்புக்குறி ஊஞ்சல் போல ஆடும். பார்ப்பவர்களுக்கு அது தவறாகத் தெரியும்.

எனவே சுழன்றாலும் தோற்றம் மாறாத பகுதியைத் தேட வேண்டும். பரிசலில் அப்படி இருப்பது அதன் வெளிப்பக்கத்தின் கீழ்ப்பகுதிதான். அது வட்டமாகவும் கருமையாகவும் இருப்பதால், எந்தப் பக்கம் திரும்பினாலும் வெளிர்நிற நீருக்கு எதிரே ஒரே மாதிரியான கருநிறப் பிறை வடிவமாகவே தெரிகிறது. மாதிரிக் கட்டம் அந்தப் பிறையை முழுவதுமாக உள்ளடக்க வேண்டும். பரிசல் 90 பிக்சல் அகலம் என்றால் கட்டம் 110 பிக்சல் அகலமும் 40 பிக்சல் உயரமும் இருக்கலாம். ஆட்களின் உடல் கட்டத்துக்குள் வராமலும், இரண்டு ஓரங்களிலும் சிறிது நீர் உள்ளே வருமாறும் அமையுங்கள்.

ஓரங்கள் உள்ளே வர வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறையின் நடுப்பகுதியை மட்டும் கட்டமிட்டால் அதில் கிடைப்பது ஏறத்தாழக் கிடைமட்டமான ஒரு கோடுதான். கோட்டின் மேல் நகர்ந்தால் எல்லா இடமும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், டிராக்கர் மேல்கீழாக உறுதியாக நின்றாலும் இடவலமாக வழுக்கிக்கொண்டே போகும். பரிசலின் ஓரங்களோ ஒரு மூலையோ உள்ளே இருந்தால்தான் இரண்டு திசையிலும் பிடிப்புக் கிடைக்கும். இது எந்தப் பொருளுக்கும் பொருந்தும். சுவரின் நடுவையோ வண்டியின் நீண்ட விளிம்பையோ பிடிக்காமல், இரண்டு விளிம்புகள் சந்திக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். நீரின் மேல் மின்னும் வெளிச்சப் புள்ளிகள் கவர்ச்சியாகத் தெரிந்தாலும் அவற்றை நம்பவே கூடாது, அவை அடுத்த ஃபிரேமில் இருக்காது.

இனி தேடல் கட்டத்தின் அளவு. டிராக்கர் வேறு பரிசலுக்குத் தாவுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் காட்சி 20 வினாடி, வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் மொத்தம் 600 ஃபிரேம். 1920 பிக்சல் அகலமுள்ள திரையில் பரிசல் அந்த நேரத்துக்குள் ஏறத்தாழ 1500 பிக்சல் தூரம் நகர்கிறது என்றால், ஒரு ஃபிரேமுக்கு இரண்டரை பிக்சல்தான். கைபேசி கையில் அசைவதால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 20 பிக்சல் வரை குலுக்கம் வரலாம். ஆகவே மாதிரிக் கட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் 30 பிக்சல் இடம் விட்டால் தாராளம். பயந்துபோய் 200 பிக்சல் விட்டால், பக்கத்தில் வரும் இன்னொரு கரும்பிறையும் தேடல் பரப்புக்குள் வந்துவிடும். இரண்டு பரிசல்களும் ஒன்றுபோலவே இருப்பதால் எது உங்களுடையது என்று தீர்மானிக்க டிராக்கரிடம் வேறு வழி கிடையாது. தொங்கு பாலத்தின் மேல் நின்று எடுத்திருந்தால் பாலத்தின் ஆட்டமும் சேர்வதால் இன்னும் சற்றுக் கூடுதல் இடம் தேவைப்படும். காட்சியை வினாடிக்கு 60 ஃபிரேமில் எடுத்திருந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையிலான நகர்வு பாதியாகிவிடும். இனி எடுக்கப்போகும் காட்சிகளுக்கு இதை நினைவில் வையுங்கள்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு சிறிய வேலை உண்டு. பல கைபேசிகள் வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை ஒரே சீராக வைத்துக்கொள்வதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துவிடுகின்றன. அப்படிப்பட்ட கோப்பில் போட்ட புள்ளிகள் சில இடங்களில் ஒரு ஃபிரேம் முந்தியோ பிந்தியோ விழக்கூடும். கணினியில் ffmpeg என்ற இலவசக் கட்டளைவரிக் கருவி இருந்தால் கீழே உள்ள கட்டளையால் ஃபிரேம் வேகத்தைச் சீராக்கி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துவதற்கு இலகுவான கோப்பாக மாற்றிக்கொள்ளலாம். 20 வினாடிக் காட்சிக்குச் சுமார் 350 எம்பி இடம் பிடிக்கும்.

```
ffmpeg -i parisal.mp4 -vf fps=30 -c:v dnxhd -profile:v dnxhr_sq -pix_fmt yuv422p -c:a pcm_s16le parisal.mov
```

Resolve திட்டத்தின் டைம்லைனும் அதே 30 ஃபிரேமில் இருக்க வேண்டும். வெட்டுதல், வேகம் மாற்றுதல் எல்லாவற்றையும் டிராக் செய்வதற்கு முன்பே முடித்துவிடுங்கள். குலுக்கத்தைக் குறைக்க விரும்பினால் அதையும் முதலில் செய்து, அந்தத் துண்டைத் தனிக் கோப்பாக வெளியிட்டு, அந்தக் கோப்பின் மேல் டிராக் செய்வது நல்லது.

இப்போது காட்சியின் மேல் நின்றுகொண்டு Fusion பக்கத்துக்குப் போனால் MediaIn1, MediaOut1 என்று இரண்டு நோட்கள், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றான சிறு பெட்டிகள், இணைந்திருக்கும். MediaIn1 நோட்டைத் தேர்ந்தெடுத்து, Shift மற்றும் Space விசைகளை அழுத்தி Tracker என்று தட்டி அதைச் சேருங்கள். திரையில் ஒரு சிறு கட்டம் தோன்றும், சுட்டியை அதன் அருகே கொண்டுபோனால் வெளியே விட்டுவிட்டு வரும் கோடுகளால் ஆன தேடல் கட்டமும் தெரியும். கட்டத்தை எடுத்ததுமே முதல் ஃபிரேமில் வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பரிசல் மிகத் தெளிவாகவும், நடுத்தர அளவிலும், பக்கத்தில் வேறு பரிசல் இல்லாமலும் இருக்கும் ஃபிரேமைத் தேடி, எடுத்துக்காட்டாக 200ஆவது ஃபிரேமில், கட்டத்தை வையுங்கள். பிறகு Track Forward from Current Time பொத்தானால் அங்கிருந்து முன்னோக்கியும், மீண்டும் 200க்கு வந்து Track Reverse from Current Time பொத்தானால் பின்னோக்கியும் ஓட்டுங்கள்.

ஓட்டுவதற்கு முன் Adaptive Mode என்ற இடத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். None என்றால் 200ஆவது ஃபிரேமில் எடுத்த மாதிரியையே கடைசி வரை ஒப்பிடும். பரிசல் அருகே வரவரப் பெரிதாகிக்கொண்டே போவதால், ஒரு கட்டத்துக்கு மேல் பழைய மாதிரி ஒத்துப்போகாமல் பிடி விட்டுப்போகும். Every Frame என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாதிரியைப் புதிதாக எடுத்துக்கொள்ளும். அப்போது பிடி விட்டுப்போகாது, ஆனால் நழுவல் சேர்ந்துகொண்டே போகும். ஒரு ஃபிரேமுக்கு வெறும் 0.1 பிக்சல் பிழை ஒரே திசையில் வந்தால் கூட, 600 ஃபிரேமில் அது 60 பிக்சலாகிவிடும், அதாவது பரிசலின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ளது Best Match. அது மாதிரியைப் புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் முதல் மாதிரியிலிருந்து மிகவும் விலகிய ஃபிரேம்களில் புதுப்பிக்காமல் விட்டுவிடும். துடுப்பு கட்டத்தைக் கடந்து போகும் இரண்டு மூன்று ஃபிரேம்களில் துடுப்பையே மாதிரியாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது இதனால்தான். பரிசல் காட்சிக்கு நான் எப்போதும் Best Match வைப்பேன்.

பரிசல் தூரத்தில் 90 பிக்சலாக இருந்து அருகே வரும்போது 160 பிக்சலாக வளர்ந்துவிட்டால், ஒரே கட்டத்தால் கடைசி வரை சமாளிக்க முடியாது. பிடி தளரத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்தி, கட்டத்தைப் பெரிதாக்கி, மீண்டும் அங்கிருந்து முன்னோக்கி ஓட்ட வேண்டும். அப்போது Path Center என்பதை Track Center (append) என்று மாற்றிக்கொள்ளுங்கள். கட்டத்தை நீங்கள் மூன்று நான்கு பிக்சல் தள்ளி வைத்துவிட்டால் கூட, பாதை பழைய இடத்திலிருந்தே தொடரும். இதை மாற்றாமல் விட்டால் அந்த ஃபிரேமில் அம்புக்குறி சட்டென்று ஒரு துள்ளல் துள்ளும்.

பாறைக்குப் பின்னால் மறையும் இடத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். பரிசல் 310ஆவது ஃபிரேமில் மறையத் தொடங்கி 340ஆவது ஃபிரேமில் முழுவதுமாக வெளியே வருகிறது என்று கொள்வோம். டிராக்கரை 310க்கு முன்பே நிறுத்துங்கள். ஏற்கெனவே ஓடிவிட்டிருந்தால் 310க்குப் பிந்தைய தவறான புள்ளிகளை Spline பலகத்தில் தேர்ந்தெடுத்து நீக்கிவிடுங்கள். Path Center என்பதை மீண்டும் Pattern Center என்று வைத்து, 340ஆவது ஃபிரேமில் அதே கரும்பிறையின் மேல் கட்டத்தைப் பொருத்தி முன்னோக்கி ஓட்டுங்கள். இங்கே append முறையை வைத்தால், பரிசல் நின்றுபோன 310ஆவது இடத்திலிருந்தே பாதை தொடரும், அம்புக்குறி அதன் பிறகு முழுக்கப் பின்தங்கியே வரும். இந்த இடத்தில் கட்டத்தைப் பரிசலின் மேல் கவனமாக, முன்பு இருந்த அதே பொருத்தத்தில் வைக்க வேண்டும்.

இடைப்பட்ட 30 ஃபிரேம்களில் புள்ளியே இல்லாததால், மென்பொருள் இரண்டு முனைகளுக்கும் நடுவே நேர்கோட்டில் நகர்த்தும். அது சரிதானா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். Fusion இல் திரையின் இடது கீழ் மூலை 0, 0 என்றும் வலது மேல் மூலை 1, 1 என்றும் குறிக்கப்படும். மறையும்போது கிடைமட்ட இடம் 0.51, வெளிவரும்போது 0.55 என்றால், வித்தியாசம் 0.04. அது 1920 பிக்சலில் ஏறத்தாழ 77 பிக்சல், 30 ஃபிரேமில் ஒரு ஃபிரேமுக்கு இரண்டரை பிக்சல். நாம் முதலில் கண்ட வேகத்தோடு இது ஒத்துப்போகிறது, ஆகவே கட்டம் சரியான பரிசலின் மேல்தான் விழுந்திருக்கிறது என்று நம்பலாம். இதே கணக்கில் பத்து பிக்சல் வந்தால் வேறு பரிசலைப் பிடித்துவிட்டீர்கள் என்று பொருள்.

நேர்கோட்டு நகர்வில் ஒரே ஒரு குறை உண்டு. அந்த ஒரு வினாடியில் கைபேசி குலுங்கியிருந்தால் பாறையும் நீரும் சேர்ந்து குலுங்கும், அம்புக்குறி மட்டும் குலுங்காமல் மிதப்பது போலத் தெரியும். பெரியப்பாவின் தலை பாறைக்கு மேல் தெரிகிறது என்றால் அதைப் பார்த்து நாலைந்து புள்ளிகளைக் கையால் வைத்துவிடலாம். எதுவுமே தெரியவில்லை என்றால், எழுத்தைச் சேர்க்கும் Merge நோட்டில் உள்ள Blend மதிப்பை அந்த ஒரு வினாடிக்கு மட்டும் 1 இலிருந்து 0.4க்குக் குறைத்துவிடுவதை நான் விரும்புகிறேன். அம்புக்குறி மங்கலாகத் தொடர்ந்து வருவதைப் பார்க்கும்போது, பரிசல் பாறைக்குப் பின்னால் இருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தானே புரிந்துவிடுகிறது. மிதப்பும் அவ்வளவாகக் கண்ணில் படாது.

டிராக் முடிந்ததும் உடனே எழுத்தைச் சேர்க்காமல், முதலில் ஒரு Text+ நோட்டில் வெறும் + குறியை மட்டும் தட்டி, மெல்லியதாக, பளிச்சென்ற நிறத்தில் இணைத்துப் பாருங்கள். பெரிய எழுத்து பத்து பிக்சல் நழுவினாலும் கண்ணுக்குத் தெரியாது, மெல்லிய கூட்டல் குறி இரண்டு பிக்சல் நழுவினாலே தெரிந்துவிடும். Text1 நோட்டின் வெளியீட்டுச் சதுரத்தை இழுத்து Tracker1 நோட்டின் வெளியீட்டின் மேல் போட்டால் Merge1 தானாகவே உருவாகும். அந்த Merge1 நோட்டில் Center என்ற சொல்லின் மேல் வலது சொடுக்கி, Connect To வழியாக Tracker1 க்குப் போய், Offset Position என்று வரும் வரியைத் தேர்ந்தெடுங்கள். இப்போது கூட்டல் குறி பரிசலின் கரும்பிறையின் நடுவில் நின்று அதனோடு நகரும். திரையை 100 சதவீத அளவில் வைத்து மெதுவாக ஓட்டுங்கள். தொடக்கத்தில் பிறையின் நடுவில் இருந்த குறி கடைசியில் ஓரத்துக்கு வந்திருந்தால் நழுவல் சேர்ந்திருக்கிறது. நடுவில் இருந்தபடியே முன்னும் பின்னும் துடித்தால், மாதிரிக் கட்டத்துக்குள் நீரின் மினுமினுப்பு அதிகமாக இருக்கிறது, கட்டத்தைச் சற்றுச் சுருக்க வேண்டும்.

துடிப்பைப் போக்குவதற்காகப் பாதையை மழமழவென்று ஆக்கிவிடச் சொல்லிச் சிலர் அறிவுரை கூறுவார்கள். Frames per Point என்பதை 5 என்று வைத்தால் ஐந்து ஃபிரேமுக்கு ஒரு புள்ளி என்றாகிப் பாதை மென்மையாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் கையில் பிடித்து எடுத்த காட்சியில் அதைச் செய்யாதீர்கள். கைபேசி குலுங்கும்போது பரிசலும் திரையில் குலுங்குகிறது. எழுத்தும் அதே அளவு குலுங்கினால்தான் இரண்டும் ஒட்டியிருப்பதாகக் கண் நம்பும். எழுத்தை மட்டும் குலுங்காமல் வைத்தால், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடிக் குறைந்து, எழுத்து நீந்துவது போல ஆகிவிடும். நீங்கள் கையால் நகர்த்தி வைத்தபோது வந்த நடுக்கமும் இதே வகைதான். சில ஃபிரேம்களுக்கு ஒன்றாகக் கீஃபிரேம் வைத்திருப்பீர்கள், நடுவில் உள்ள குலுக்கத்தை அவை பிடித்திருக்காது. முக்காலியில் வைத்து எடுத்த காட்சியாக இருந்தால் மட்டும் 2 அல்லது 3 என்று வைத்துப் பார்க்கலாம்.

கூட்டல் குறி சரியாக நின்றபிறகு அதை நீக்கிவிட்டு உண்மையான எழுத்துக்கு வரலாம். தமிழ் எழுத்தில் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "பெரியப்பாவின்" என்று Text+ இல் தட்டியதும், ஒற்றைக்கொம்பு பகரத்துக்கு முன்னால் நிற்கிறதா அல்லது இடம் மாறிப் பின்னால் போயிருக்கிறதா என்று பாருங்கள், புள்ளிகள் எழுத்தின் தலைக்கு மேல் சரியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எழுத்துரு மாற்றியும் சரியாகவில்லை என்றால் அதோடு போராட வேண்டாம். Inkscape போன்ற ஒரு மென்பொருளில் பின்னணி இல்லாத PNG படமாக எழுத்தையும் அம்புக்குறியையும் வரைந்து கொண்டுவந்துவிடலாம். அதில் ஒரு நல்ல வசதி உண்டு. 800க்கு 800 பிக்சல் பரப்பில், அம்பின் கூர்முனை சரியாக நடுவில், அதாவது 400, 400 என்ற இடத்தில் இருக்குமாறும், எழுத்து அதற்கு மேலே இருக்குமாறும் வரைந்தால், Offset Position அந்தப் படத்தின் நடுப்புள்ளியையே பரிசலில் பொருத்துவதால், கூர்முனை தானாகவே டிராக் செய்த புள்ளியில் போய் நிற்கும்.

Text+ இல் தமிழ் சரியாக வருகிறது என்றால் பெயருக்கு ஒன்று, ▼ குறிக்கு ஒன்று என இரண்டு Text+ நோட்களைப் போட்டு, அவற்றை முதலில் ஒரு Merge நோட்டில் ஒன்றுசேர்த்து, அந்தத் தொகுப்பை டிராக் இணைத்த Merge நோட்டுக்குள் கொடுங்கள். ▼ குறி தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இருக்காது, Arial இல் இருக்கிறது. இரண்டையும் எவ்வளவு மேலே வைப்பது என்பதை Merge நோட்டில் தொடாமல், ஒவ்வொரு Text+ நோட்டின் Layout பகுதியில் உள்ள Center மதிப்பில் மாற்ற வேண்டும். அங்கே உயர மதிப்பு 0.5 என்றால் எழுத்து டிராக் புள்ளியின் மேலேயே விழும். அம்புக்குறிக்கு 0.58, பெயருக்கு 0.63 என்று வைத்தால், 1080 பிக்சல் உயரத் திரையில் அவை முறையே 86 பிக்சலும் 140 பிக்சலும் மேலே நிற்கும்.

பரிசல் அருகே வரும்போது ஒரு தொல்லை வரும். அதில் உட்கார்ந்திருப்பவர்களின் உயரமும் பெரிதாகிவிடுவதால், தொடக்கத்தில் தலைக்கு மேல் அழகாக நின்ற அம்புக்குறி கடைசியில் அவர்களின் முகத்தின் மேல் வந்து நிற்கும். இரண்டு புள்ளிகளை டிராக் செய்து எழுத்தையும் பெரிதாக்கும் வழி இருக்கிறது, ஆனால் எழுத்து வளர்ந்துகொண்டே போவது படிப்பதற்கு இடைஞ்சல் என்பது என் கருத்து. எழுத்தின் அளவை மாற்றாமல், இடைவெளியை மட்டும் வளர விடுங்கள். Layout இல் உள்ள உயர மதிப்புக்கு முதல் ஃபிரேமில் ஒரு கீஃபிரேம், கடைசி ஃபிரேமில் அம்புக்குறி 0.64, பெயர் 0.69 என்று இன்னொரு கீஃபிரேம் வைத்தால் போதும். அதேபோல, பரிசல் திரையின் ஓரத்தை நெருங்கும்போது நீளமான பெயர் பாதி வெட்டுப்படும். பெயர் 400 பிக்சல் அகலம் என்றால் புள்ளி ஓரத்திலிருந்து 200 பிக்சலுக்குள் வந்ததுமே வெட்டு தொடங்கிவிடும். அந்த இடத்தில் பெயரின் கிடைமட்ட மதிப்பை மட்டும் உள்பக்கம் நகர்த்திவிட்டு, அம்புக்குறியைப் பரிசலின் மேலேயே விட்டுவிடுங்கள். நுரைக்கு எதிரே வெள்ளை எழுத்து காணாமல் போய்விடும் என்பதால் Shading பகுதியில் இரண்டாவது அடுக்கை இயக்கி, கருப்பு வெளிக்கோடு கொடுத்துவிடுவதும் நல்லது.

கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாக் காட்சிகளில் இதே முறையைச் செய்து பார்க்கலாமா என்று சிலர் என்னைக் கேட்பதுண்டு. அங்கே காளை சில வினாடிகளில் தெருவைக் கடந்துவிடுகிறது, உடல் முழுவதும் வேகத்தால் கலங்கித் தெரிகிறது, நடுவே ஆட்கள் குறுக்கே வருகிறார்கள். கலங்கிய உருவத்தில் மாதிரிக் கட்டத்துக்குப் பிடிப்பு இருக்காது. இரண்டு மூன்று வினாடிக் காட்சிக்கு இரண்டு ஃபிரேமுக்கு ஒரு கீஃபிரேம் என்று கையாலேயே வைத்துவிடுவது டிராக்கரைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட விரைவாக முடியும். வெயில் நன்றாக இருக்கும்போது ஷட்டர் வேகத்தைக் கூட்டி எடுத்திருந்தால் மட்டும், காளையின் கொம்பின் அடியை டிராக்கர் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் கணினி Resolve மென்பொருளைத் தாங்கவில்லை என்றால் Kdenlive இருக்கிறது, அதுவும் இலவசம். அதில் Motion Tracker என்ற எஃபெக்டைக் காட்சியின் மேல் போட்டு, முறை என்ற இடத்தில் CSRT தேர்ந்தெடுங்கள். அது மெதுவாக ஓடும், ஆனால் பரிசல் பெரிதாவதை ஓரளவு சமாளிக்கும். கிடைத்த கீஃபிரேம்களை நகலெடுத்து, மேலே உள்ள தடத்தில் இருக்கும் எழுத்தின் Transform எஃபெக்டுக்குள் கொண்டுவர வேண்டும். அங்கே append போன்ற வசதி கிடையாது என்பதால் பாறையின் இருபுறமும் காட்சியை வெட்டி, இரண்டு துண்டுகளாகத் தனித்தனியே டிராக் செய்துகொள்ளுங்கள். கட்டத்தை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதற்கு மேலே சொன்னவை அங்கும் அப்படியே பொருந்தும்.